பெட்டியில் 360, டக்டில் 125: ஒரு ஃபேனை மாற்றிய பதிவு

ஜன்னல் இல்லாத உள்ளறை ஒன்றை எலக்ட்ரானிக்ஸ் வேலைக்காக வைத்திருக்கிறேன். நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.7 மீட்டர். சால்டரிங் புகையும் சூடான பலகைகளின் வாடையும் வெளியே போக வேண்டும் என்பதற்காக, பொய்க்கூரைக்கு மேலே 150 மி.மீ. விட்டத்தில் ஒரு டக்ட் ஓட்டி, வெளிச்சுவரில் ஒரு மூடி பொருத்தி, நடுவில் ஒரு ஃபேனும் போட்டேன். டக்டின் மொத்த நீளம் 9 மீட்டர், வழியில் மூன்று வளைவுகள். எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. ஆனால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே புகை என் முகத்துக்கு முன்னால் அசையாமல் தொங்கியது. அதைச் சரிசெய்த மூன்று வாரத்தில் என்னென்ன அளந்தேன், என்ன கணக்குப் போட்டேன், எங்கே தவறினேன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது. அறையின் கொள்ளளவு 32.4 கன மீட்டர். மணிக்குப் பத்து முறை அறைக்காற்று மாற வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். பத்தால் பெருக்கினால் மணிக்கு 324 கன மீட்டர். அதை 320 என்று வைத்துக்கொண்டேன். இது அறைக்குள் கலந்துவிட்ட புகையை நீர்த்துப்போகச் செய்வதற்கான கணக்கு. சால்டர் முனையிலிருந்து எழும் புகையை அங்கேயே பிடிப்பது வேறு வேலை. அதற்கு முனையருகே உறிஞ்சு வாய் வேண்டும், கணக்கும் வேறு. அதற்கென்று மேசையில் ஒரு சிறிய உறிஞ்சியைத் தனியாக வைத்திருக்கிறேன்.

நான் வாங்கிய ஃபேன் ஆக்ஸியல் வகை, அதாவது மேசை விசிறி மாதிரி இறக்கைகள் குழாய்க்குள் சுழலும் வகை. பெட்டியில் மணிக்கு 360 கன மீட்டர் என்று அச்சிட்டிருந்தார்கள். எனக்கு வேண்டியது 320, கையில் 40 மிச்சம் என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

ஓட்டிப் பார்த்தபோது, அறைக்குள் டக்டின் வாயில் இருக்கும் கிரில்லில் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்தேன். டப்பென்று ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்து நான்கு நாள் நிம்மதியாக இருந்தேன், அது தவறு. காகிதம் கிரில்லை அடைத்தவுடன் அதன் பின்னால் ஃபேனின் உறிஞ்சல் முழுவதும் வந்து சேர்ந்துவிடும். அரைகுறைக் காற்றோட்டத்திலும் காகிதம் ஒட்டத்தான் செய்யும். காற்று வரும் திசையை மட்டும்தான் அந்தச் சோதனை சொல்லும், அளவைச் சொல்லாது.

அளக்க ஒரு அட்டைப்பெட்டி போதும். 20 செ.மீ. சதுரத்தில் 40 செ.மீ. நீளமுள்ள ஒரு அட்டைச் சுரங்கம் செய்து, கிரில்லைச் சுற்றி டேப் போட்டு ஒட்டினேன். சுரங்கத்தின் வாயில் சிறிய காற்றுவேகமானியை ஒன்பது இடங்களில் பிடித்துச் சராசரி எடுத்தேன். வாயின் பரப்பு 0.04 சதுர மீட்டர். சராசரி வேகம் வினாடிக்கு 0.87 மீட்டர். இரண்டையும் பெருக்கி 3600 ஆல் பெருக்கினால் மணிக்கு 125 கன மீட்டர். நடுவில் ஒரே இடத்தில் பிடித்துப் பார்த்தால் 1.1 காட்டியது, அதை நம்பியிருந்தால் கால்வாசிக்கு மேல் கூட்டிச் சொல்லியிருப்பேன். ஆக, பெட்டியில் 360, நடப்பில் 125.

ஃபேன் பழுது என்று திருப்பிக் கொடுக்கத்தான் முதலில் தோன்றியது. அதற்கு முன் அதோடு வந்த தாளைப் பிரித்துப் பார்த்தேன். அதில் ஒரு சிறிய வரைபடம் இருந்தது: கீழே காற்றின் அளவு, பக்கத்தில் அழுத்தம், குறுக்கே சரிந்து இறங்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டின் ஒரு முனையில் 360 கன மீட்டர், அழுத்தம் சுழியம். மறுமுனையில் 60 பாஸ்கல், காற்று சுழியம். முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாமல், குழாயே இல்லாமல் ஃபேனை ஓடவிட்டால் வருவது அந்த 360. குழாயின் வாயை முழுக்க அடைத்துவிட்டால் ஃபேன் தரும் நிலை அழுத்தம், அதாவது காற்றின் வேகம் சேராத அழுத்தம், அந்த 60 பாஸ்கல். இரண்டும் ஒரே நேரத்தில் ஒருநாளும் கிடைக்காது. பெட்டியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடுவதால், 360 கன மீட்டரை 60 பாஸ்கலுக்கு எதிராகத் தள்ளும் என்று படித்துவிடுகிறோம். உண்மையில் ஃபேன் நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில். எங்கே என்பதை நம் டக்ட்தான் முடிவு செய்கிறது.

சரி, என் டக்ட் எவ்வளவு தடை கொடுக்கிறது? அதை அறிய அழுத்தத்தை அளக்க வேண்டும். இங்கே பேசும் அழுத்தங்கள் மிகச் சிறியவை. 10 பாஸ்கல் என்பது ஏறக்குறைய 1 மி.மீ. தண்ணீரின் உயரம். நேராக நிற்கும் U குழாயில் இதைக் கண்ணால் படிக்க முடியாது. அதனால் நீர்மட்டத்தின் நகர்வால் அழுத்தத்தைக் காட்டும் சாய்வு மானோமீட்டர் ஒன்றைச் செய்தேன். அகலமான கண்ணாடிப் புட்டியில் தண்ணீர், அதன் அடியிலிருந்து ஒரு மீட்டர் நீளமுள்ள நிறமற்ற குழாய், ஒரு பலகையில் 1 மீட்டருக்கு 10 செ.மீ. ஏறும்படி சாய்த்து வைத்தது. இப்போது 1 மி.மீ. தண்ணீர் உயர்வு குழாயில் 10 மி.மீ. நகர்வாகத் தெரியும். அதாவது 1 மி.மீ. நகர்ந்தால் ஏறக்குறைய 1 பாஸ்கல். புட்டி அகலமாக இருக்க வேண்டியது முக்கியம், இல்லாவிட்டால் அதிலுள்ள மட்டமும் இறங்கிக் கணக்கைக் கெடுக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் நீர்முனை குழாயில் ஒட்டிக்கொண்டு நிற்காது. ஒவ்வொரு முறையும் ஃபேனை நிறுத்திச் சுழியக் குறியைப் பார்த்துக்கொண்டு அப்புறம்தான் அளந்தேன்.

டக்டில் நிலை அழுத்தம் எடுக்கச் சுவரில் 2 மி.மீ. துளை போட்டால் போதும். ஆனால் துளையின் உள்விளிம்பில் பிசிர் இருக்கக் கூடாது, குழாய் முனை உள்ளே நீட்டக் கூடாது, வளைவுக்குப் பக்கத்திலோ ஃபேனின் வாயிலோ துளை இருக்கக் கூடாது. உள்ளே நீட்டினால் காற்றின் வேகமும் அளவில் கலந்துவிடும். மானோமீட்டரின் மறுமுனையைக் கதவுக்கு அடியில் விட்டு வெளித் தாழ்வாரத்தில் வைத்தேன். வீட்டு ஜன்னல்கள் திறந்திருந்ததால் அதை வெளிக்காற்றின் அழுத்தமாக எடுத்துக்கொண்டேன்.

கிடைத்த அளவுகள் இவை. ஃபேனுக்கு முன்னால் 22 பாஸ்கல் உறிஞ்சல். ஃபேனுக்குப் பின்னால் 19 பாஸ்கல் தள்ளல். ஆக ஃபேன் உருவாக்குவது 41 பாஸ்கல். தாளிலுள்ள கோட்டில் 41 பாஸ்கலுக்கு நேரே பார்த்தால் 120 கன மீட்டர் பக்கம் வருகிறது. நான் அளந்தது 125. ஃபேன் பழுதில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. அது சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தது. அதன் சத்தத்திலும் ஒரு அடையாளம் இருந்தது: சீரான இரைச்சலாக இல்லாமல், மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆக்ஸியல் ஃபேனைத் தாங்க முடியாத தடைக்கு எதிராக ஓட்டினால் இறக்கைகளில் காற்று ஒட்டாமல் பிரிந்துபோய் இப்படித் துடிக்கும்.

இன்னொன்றும் அளந்தேன், அதுதான் இந்த வேலையையே திருப்பிப்போட்டது. டக்டில் குத்தாமல், அறைக்கும் தாழ்வாரத்துக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாட்டை மட்டும் பார்த்தேன். கதவு மூடியிருக்கையில் அறையே 14 பாஸ்கல் கீழே இருந்தது. அதாவது ஃபேனின் 41 பாஸ்கலில் மூன்றில் ஒரு பங்கு டக்டில் செலவாகவே இல்லை. வெளியே போகும் காற்றுக்கு ஈடான காற்றைக் கதவிடுக்கு வழியாக உள்ளே இழுப்பதிலேயே செலவாகிவிட்டது.

இப்போது 320 கன மீட்டர் போக வேண்டுமானால் இதே அமைப்பு எவ்வளவு அழுத்தம் கேட்கும்? டக்டின் தடை காற்றளவின் இருமடிப்படி ஏறும். ஒரு புள்ளி கையில் இருந்தால் மற்ற எல்லாப் புள்ளிகளும் கிடைத்துவிடும். P என்பது அழுத்தம், Q என்பது காற்றளவு:

```
P2 = P1 × (Q2 / Q1)²
   = 41 × (320 / 125)²
   ≈ 270 Pa
```

270 பாஸ்கல். என் ஃபேனின் உச்சமே 60. இன்னும் இரண்டு மடங்கு பெரிய ஆக்ஸியல் ஃபேன் வாங்கினாலும் இந்த இடத்துக்கு வராது.

இந்த 270 எங்கெங்கே போகிறது என்று பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தேன். இதற்கு ஒரே ஒரு அடிப்படை எண் போதும், டக்டில் ஓடும் காற்றின் இயக்க அழுத்தம், அதாவது அதன் வேகத்தால் வரும் அழுத்தம்:

```
A  = 0.0177 m²
Q  = 320 / 3600 = 0.0889 m³/s
v  = Q / A ≈ 5 m/s
Pv = 0.6 × v² ≈ 15 Pa
```

வளைவு, கிரில், மூடி எல்லாவற்றின் இழப்பையும் இந்த 15 பாஸ்கலின் மடங்காகச் சொல்வதுதான் வழக்கம். அந்த மடங்கு எண்கள் கையேடுகளிலும் தயாரிப்பாளர்களின் தாள்களிலும் கிடைக்கும். நான் போட்டிருந்த கிரில் சிறியது, மடங்கு 2 என்று கொண்டால் 30 பாஸ்கல். நெளிகுழாயையே மடக்கிச் செய்த மூன்று குறுகிய வளைவுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மடங்கு, மொத்தம் 45. வெளிச்சுவர் மூடியில் தகட்டு மடலும் கொசுவலையும் இருந்தன, அதோடு காற்று வெளியே கொட்டும்போது இழக்கும் வேகமும் சேர்ந்து இரண்டரை மடங்கு, 38.

நேர்க்குழாயின் உராய்வு தனிக் கணக்கு. வழவழப்பான தகட்டுக் குழாயாக இருந்தால் இந்த வேகத்தில் மீட்டருக்கு 2.4 பாஸ்கல்தான். ஆனால் நான் போட்டிருந்தது அலுமினிய நெளிகுழாய், அதையும் இழுத்து நீட்டாமல் தொய்வாக விட்டிருந்தேன். முழுக்க நீட்டிய நெளிகுழாயே வழவழப்பான குழாயைப் போல இரண்டு மடங்கு தடை தரும். தொய்வாக விட்டால் உள்ளே மடிப்பு மடிப்பாக நின்று மூன்று, நான்கு மடங்கு வரை போகும். மூன்று மடங்கு என்று வைத்தால் 9 மீட்டருக்கு 65 பாஸ்கல்.

இதுவரை 178. கதவிடுக்கில் அளந்த 14 பாஸ்கலை அதே இருமடி விதியில் 320க்கு ஏற்றினால் 92. இரண்டும் சேர்ந்து 270. அளந்ததும் கணக்கும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. வளைவுகளின் மடங்கு எண்ணில் மூன்றில் ஒரு பங்கு முன்பின் இருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன். ஆனால் அந்த 92 ஊகமில்லை, நேரடியாக அளந்ததிலிருந்து வந்தது. மொத்தப் பட்டியலிலும் பெரிய தடை அதுதான்.

92 பாஸ்கல் என்றால் என்னவென்று கையால் உணர ஒரு வழி உண்டு. என் கதவு 0.8 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். 1.6 சதுர மீட்டர் பரப்பில் 92 பாஸ்கல் என்றால் 147 நியூட்டன், ஏறக்குறைய 15 கிலோ எடை கதவில் சாய்ந்திருப்பது போல. கீல் ஒரு பக்கம் தாங்குவதால் கைப்பிடியில் அதில் பாதி தெரியும். பெரிய ஃபேன் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால், உள்ளே திறக்கும் கதவு தானாகத் திறந்துகொண்டிருக்கும், வெளியே திறக்கும் கதவை ஒரு குழந்தையால் திறக்க முடியாமல் போயிருக்கும். இதைவிடக் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதே காற்றுவெளியில் புகைக்குழாய் வழியாக இயற்கையாக வெளியேற்றும் எரிவாயு ஹீட்டர் இருந்தால், சில பாஸ்கல் உறிஞ்சலே அந்தப் புகையை உள்ளே திருப்பி இழுக்கப் போதும். என் அறையில் அப்படி எதுவும் இல்லை. இருந்திருந்தால் இந்த வேலையை இந்த வழியில் தொட்டிருக்க மாட்டேன்.

கதவைத் திறந்துவைத்து மறுபடி அளந்தேன். 125 என்பது 145 ஆனது, அவ்வளவுதான். தடையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டும் காற்று ஆறில் ஒரு பங்குதான் கூடியது. தடை குறைந்ததும் காற்று கூடும், கூடிய காற்றுக்கு மீதித் தடை ஏறும், அதே நேரம் ஃபேன் தரும் அழுத்தமும் குறையும். இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளி கொஞ்சம்தான் நகரும். எதையாவது ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டுப் பெரிய மாற்றத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. 270 பாஸ்கலில் 320 கன மீட்டர் தரும் ஃபேனைத் தேடுவது ஒன்று. தடையைக் குறைத்துவிட்டுச் சிறிய ஃபேன் போடுவது இன்னொன்று. காற்றுக்குக் கொடுக்கும் திறன் என்பது அழுத்தமும் காற்றளவும் பெருக்கியது. முதல் வழியில் 0.0889 ஐ 270 ஆல் பெருக்கினால் 24 வாட். சிறிய ஃபேன்களின் செயல்திறன் கால் பங்கு என்று வைத்தால் மின்சாரம் ஏறக்குறைய 100 வாட் போகும், அதற்கேற்ற சத்தமும் இருக்கும். அதுவும் வேலை நேரம் முழுவதும். நான் தடையைக் குறைக்கும் பக்கம் போனேன்.

நெளிகுழாயை எடுத்துவிட்டு அதே 150 மி.மீ. விட்டத்தில் தகட்டுக் குழாய் போட்டேன். 9 மீட்டருக்கு 22 பாஸ்கல். வளைவுகளை விட்டத்தின் ஒன்றரை மடங்கு ஆரமுள்ள அகல வளைவுகளாக மாற்றினேன், ஒன்றுக்கு 0.3 மடங்கு வீதம் மூன்றுக்கும் சேர்த்து 14. கிரில்லை 25 செ.மீ. சதுரமாக்கி, டக்டோடு சேரும் இடத்தில் கூம்பு போட்டேன், 12. புதிய மூடி, மெல்லிய மடலோடு, ஒன்றரை மடங்கு, 23. அதிர்வு கடத்தாமலிருக்க ஃபேனின் இரு பக்கமும் 20 செ.மீ. நெளிகுழாய், நன்றாக இழுத்து நீட்டியது, 2. கதவின் கீழ்ப்பகுதியில் 40 செ.மீ.க்கு 20 செ.மீ. அளவில் ஒரு கிரில் வெட்டிப் பொருத்தினேன். அதில் கம்பிகள் போகக் காற்றுக்கு மிஞ்சுவது பாதி, 0.04 சதுர மீட்டர். பழைய இடுக்குகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 92 பாஸ்கல் 5 பாஸ்கலாக இறங்கிவிட்டது. மொத்தம் 78. எல்லா வேலையிலும் மலிவானது அந்தக் கதவு கிரில்தான், அதுதான் அதிகம் குறைத்ததும்.

குழாயை 200 மி.மீ. ஆக்கலாமா என்றும் யோசித்தேன். உராய்வு விட்டத்தின் ஐந்தாம் படிக்குத் தலைகீழாகப் போகும், ஆகவே 22 பாஸ்கல் 5க்கும் 6க்கும் நடுவில் வந்துவிடும். ஆனால் பொய்க்கூரைக்கு மேலே ஒரு உத்திரத்துக்கு அடியில் 180 மி.மீ. இடைவெளிதான் இருந்தது. இடம் இருந்திருந்தால் தயங்காமல் 200 போட்டிருப்பேன்.

புதிய ஃபேன் வாங்குவதற்கு முன் பழைய ஃபேனையே புதிய டக்டில் மாட்டிப் பார்த்தேன். 125 என்பது 190 ஆனது. மூச்சு வாங்கும் சத்தம் நின்றுவிட்டது. ஆனாலும் 320 இல்லை. 78 பாஸ்கல் கேட்கும் இடத்தில் 60 பாஸ்கல் உச்சமுள்ள ஃபேனால் எப்படியும் முடியாது.

அப்புறம் தேர்வு. மூன்று ஃபேன்களின் வரைபடங்களை அச்சிட்டு, ஒவ்வொன்றின் மேலும் என் டக்டின் கோட்டை வரைந்தேன். டக்டின் கோட்டுக்கு மூன்று புள்ளிகள் போதும்: 160 கன மீட்டரில் 20 பாஸ்கல், 320இல் 78, 400இல் 122. இவற்றைச் சேர்த்தால் மேலே வளைந்தேறும் கோடு கிடைக்கும். அது ஃபேனின் இறங்கும் கோட்டை வெட்டும் இடத்தில்தான் ஃபேன் நிற்கும்.

முதலாவது, பெரிய ஆக்ஸியல். பெட்டியில் 600 கன மீட்டர், உச்ச அழுத்தம் 70 பாஸ்கல். எண்ணில் இதுதான் கவர்ச்சியானது. ஆனால் 320இல் அதன் கோடு 33 பாஸ்கலில் இருந்தது. எனக்கு வேண்டியது 78. கழித்துவிட்டேன். இரண்டாவது, பின்னோக்கி வளைந்த இறக்கைகளுள்ள சென்ட்ரிஃபியூகல், அதாவது காற்றை நடுவில் இழுத்து விளிம்பு வழியாக வீசும் வகை, உச்சம் 500 பாஸ்கல். தாராளமாகத் தள்ளும், ஆனால் பாதி வேகத்துக்கும் கீழே கட்டிவைத்து ஓட்ட வேண்டியிருக்கும், உடலும் பொய்க்கூரைக்குள் அடங்காது. மூன்றாவது, இந்த இரண்டு வகைகளுக்கும் நடுவிலுள்ள கலப்பு ஓட்ட வகை, பெட்டியில் 530 கன மீட்டர். அதன் கோட்டில் 50 பாஸ்கலில் 470, 100இல் 400, 150இல் 320, 200இல் 220. என் டக்டின் கோட்டோடு ஏறக்குறைய 380 கன மீட்டரில், 112 பாஸ்கல் பக்கத்தில் வெட்டியது. வேண்டியதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம், அதோடு கோடு அந்த இடத்தில் மேடுபள்ளமில்லாமல் சீராக இறங்குகிறது. 600 போட்டிருந்ததைவிட 530 போட்டிருந்தது எனக்கு அதிகக் காற்று தரும் என்பதைக் காகிதத்தில் பென்சிலால் பார்த்தபோது, இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று தோன்றியது.

வரைபடம் படிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். ஃபேன் தாளில் இருப்பது நிலை அழுத்தம். என் பட்டியலிலோ வெளியே கொட்டும் காற்றின் வேக இழப்பும், ஏறக்குறைய 15 பாஸ்கல், சேர்ந்திருக்கிறது. கறாராகப் பார்த்தால் அதைக் கழித்துவிட்டு ஒப்பிடலாம். நான் கழிக்கவில்லை. என் மடங்கு எண்களின் துல்லியத்துக்கு அந்த 15ஐக் கைவசம் வைத்திருப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன்.

இந்த முறை ஃபேனை அறைக்கு மேலே வைக்காமல், வெளிச்சுவருக்கு அருகே கொண்டுபோனேன். இப்படி வைத்தால் டக்டின் பெரும்பகுதி உறிஞ்சலில் இருக்கும். இணைப்புகளில் கசிவு இருந்தாலும் புகை பொய்க்கூரைக்குள் பரவாது, அங்கிருந்து காற்றுதான் உள்ளே வரும். ஃபேனுக்கு முன்னால் அரை மீட்டருக்கு மேல் நேர்க்குழாய் விட்டேன். வளைவு முடிந்த உடனே ஃபேன் வைத்தால் காற்று ஒரு பக்கமாகச் சாய்ந்து இறக்கைக்குள் நுழையும், தாளிலுள்ள கோடு அப்போது பொருந்தாது.

மாட்டி, முழு வேகத்தில் ஓட்டி, அட்டைச் சுரங்கத்தை ஒட்டி அளந்தேன். 365 கன மீட்டர். எதிர்பார்த்தது 380. ஃபேனுக்கு இரு பக்கமும் அளந்ததில் 122 பாஸ்கல். தாளில் 122க்கு நேரே 365 தான், ஃபேன் சரி. அப்படியானால் டக்ட்தான் என் கணக்கைவிட அதிகம் தடுக்கிறது. 122ஐ 320க்கு இறக்கினால் 94 பாஸ்கல். நான் கணக்கிட்டது 78. எங்கோ 16 பாஸ்கல் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது.

தேடுவது இப்போது எளிது, டக்டில் துளைகள் தயாராக இருந்தன. உறிஞ்சும் பக்கத்து அளவுகள் கணக்கோடு ஒத்துப்போயின. வெளிச்சுவர் மூடிக்குச் சற்று முன்னால் இருந்த துளையில் 10 பாஸ்கல் எதிர்பார்த்தேன், 29 இருந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் மடலுக்குப் பின்னால் மிக நுண்ணிய ஒரு கொசுவலை, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி. வாங்கும்போது அதைக் கவனிக்கவே இல்லை, ஒன்றரை மடங்கு என்ற என் கணக்கில் வலை இல்லை. அதை எடுத்துவிட்டு 6 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலை போட்டேன். பறவையும் பல்லியும் நுழையாது, ஃபேன் நிற்கும்போது மடல் மூடிக்கொள்வதால் கொசுவும் பெரிதாக வராது. மறுபடி அளந்தேன்: மூடிக்கு முன்னால் 12 பாஸ்கல், காற்று 380.

கடைசியாக வேகத்தைக் குறைத்து 320இல் நிறுத்தினேன். ஃபேனோடு வந்த வேகக் கட்டுப்படுத்தியையே பயன்படுத்தினேன். விளக்குக்கான டிம்மரை இந்த மோட்டார்களில் மாட்டினால் ரீங்காரமும் சூடும்தான் மிஞ்சும். டக்ட் மாறாதபோது காற்றளவு வேகத்துக்கு நேர்விகிதம், அழுத்தம் வேகத்தின் இருமடி, திறன் மும்மடி. 320 ஐ 380 ஆல் வகுத்தால் 0.84. அதன் மும்மடி 0.6. மின்னளவி முழு வேகத்தில் 57 வாட் காட்டியது, இப்போது 36. சத்தம் கணக்குப்படி 4 டெசிபல் அளவுக்குக் குறைய வேண்டும். காதுக்கு அதைவிட அதிகமாகவே குறைந்தது போல இருக்கிறது.

சாய்வு மானோமீட்டரைக் கழற்றவில்லை. அதன் ஒரு முனையை அறையிலும் மறுமுனையைக் கிரில்லைத் தாண்டிய முதல் துளையிலும் நிரந்தரமாக மாட்டிவிட்டேன். 320 கன மீட்டர் போகும்போது நீர்முனை 28இல் நிற்கிறது, அங்கே பேனாவால் ஒரு கோடு. கிரில்லில் தூசி படியப் படிய இந்த எண் ஏறும். நான்கு மாதம் கழித்து ஒரு நாள் பார்த்தபோது 36 காட்டியது. கிரில்லைக் கழற்றித் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்து மாட்டினேன், மறுபடி 28க்கு வந்து நின்றது. இப்போது 40இல் இன்னொரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், நீர்முனை அதைத் தொட்டால் கிரில்லைக் கழற்றுவேன்.